மலைவாழை பழுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? மூன்று உணவுச் சோதனைகள்

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் ஊடுபயிராக மலைவாழை நிற்கும். முற்றிய தாரை வெட்டி, வீட்டுக்குப் பின்னால் விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். மூட்டம் போடாமல் விட்டால் இந்தக் குளிரில் அது பழுக்கப் பத்து நாள் போல ஆகும். முதல் நாள் காயைக் கடித்தால் நாக்கில் துவர்ப்பு ஒட்டும், வாய்க்குள் மாவைப் போட்டது போல இருக்கும். தோல் மஞ்சளாகிச் சுருங்கத் தொடங்கியதும் அதே காய் இனிக்கும். நடுவில் யாரும் அதற்குள் சர்க்கரையைப் போடவில்லை. அப்படியானால் அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது?

பள்ளியில் உணவுச் சோதனைகளைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். பாடத்தில் 'ஸ்டார்ச்சுக்கு அயோடின், சர்க்கரைக்கு பெனடிக்ட், புரதத்துக்கு பையூரட்' என்று மூன்று வரி இருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒரே தாரிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு காயைப் பறித்துச் சோதித்தால், அந்த வரிகளில் முதல் இரண்டும் ஒன்றோடொன்று பேசுவது கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதற்கு வாழை உதவாது. அதற்கு வேறொரு மலைப் பயிரை எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் அயோடின். மூன்றிலும் இதுதான் எளிது, சூடு தேவையில்லை. ஆய்வகத்தில் இருக்கும் அயோடின் கரைசலில் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்திருக்கும், ஏனென்றால் அயோடின் மட்டும் தண்ணீரில் சரியாகக் கரையாது. வீட்டில் செய்வதானால், காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் மருந்தை 1 பங்கு எடுத்து 10 பங்கு தண்ணீரில் கலந்தால் போதும். பால் ஊற்றாத இளம் தேநீர் நிறம் வர வேண்டும். அதைவிடக் கருப்பாக இருந்தால் மருந்தின் நிறமே கண்ணை மறைத்துவிடும். அதே பெயரில் நுரைக்கும் வகை ஒன்று கை கழுவ விற்கிறார்கள், அது வேண்டாம்.

காயைக் குறுக்கே வட்டமாக நறுக்கி வெள்ளைப் பீங்கான் தட்டில் வையுங்கள். காகிதத்தின் மேல் வைக்கக் கூடாது. பல காகிதங்களில் மேல்பூச்சாக ஸ்டார்ச் இருக்கும், சொட்டு பட்டதும் காகிதமே கருநீலமாகிவிடும். துண்டின் மேல் நான்கைந்து சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள்.

பச்சைக் காய் முழுக்க மை கொட்டியது போல ஆகும். நான்கைந்து நாள் போனபின் எடுத்த காயில் நிறம் ஒரே சீராக இருக்காது. நடுப்பகுதி வெளுத்தும், தோலை ஒட்டிய விளிம்பு கருத்தும் தெரியும். ஸ்டார்ச் உள்ளிருந்து வெளியே நோக்கிக் கரைந்து வருகிறது என்பதை அந்த வளையமே காட்டிவிடும். நன்றாகப் பழுத்ததில் தேநீர் நிறம் அப்படியே நிற்கும், அங்கங்கே சில கரும்புள்ளிகள் மட்டும் இருக்கும். பழுத்த பழத்திலும் கொஞ்சம் ஸ்டார்ச் மிஞ்சுவதுதான் அந்தப் புள்ளிகள். பொதுவாக வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஸ்டார்ச் உண்டு. பழுத்து முடிக்கும்போது அது நூற்றில் ஒன்றிரண்டு பங்காகச் சுருங்கிவிடும்.

ஏன் கருநீலம்? ஸ்டார்ச் என்பது குளுக்கோஸ் மணிகளை நூலில் கோத்த மாலை. அதில் அமைலோஸ் என்ற கிளையில்லாத வகை, ஸ்பிரிங் போலச் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளின் உள்வெளிக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்காருகிறது. அப்படி உட்கார்ந்த அயோடின் ஒளியை உறிஞ்சும் விதம் மாறுவதால் நிறமும் மாறுகிறது. கிளை விட்ட அமைலோபெக்டின் மட்டும் இருந்தால் செவ்வூதாதான் வரும். சுருள் நன்றாக இருந்தால்தான் நிறம் என்பதால் இதில் ஒரு நிபந்தனை உண்டு: சூடான பொருளில் சோதிக்கக் கூடாது. கொதிக்கும் கஞ்சியில் சுருள் நெகிழ்ந்து அயோடினை விட்டுவிடும், நீலம் வராது. ஆறினதும் தானாக வரும். கஞ்சித் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, சூடாக்கி, ஆறவைத்துப் பாருங்கள். நீலம் போய்த் திரும்பி வருவதைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். இன்னொரு நிபந்தனை வைட்டமின் சி. நெல்லிக்காய்ச் சாறு, எலுமிச்சைச் சாறு போன்றவை அயோடினையே நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். சொட்டு விட்ட உடனே தேநீர் நிறமும் சேர்ந்து மறைந்தால் ஸ்டார்ச் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், தேநீர் நிறம் நிலைத்து நிற்கும்வரை இன்னும் சில சொட்டு விட வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் வாழையை மசித்துத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, அந்தச் சாற்றில் அயோடின் விட்டுக் காட்டினேன். பழுத்த பழத்தின் சாறும் நல்ல நீலம் காட்டியது. நாட்டுச் சர்க்கரைத் தண்ணீரை வடித்தோம், அதுவும் நீலம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி, "டீச்சர், வெறும் தண்ணிய வடிச்சுப் பாப்பமா?" என்றாள். வடித்தோம். வெறும் தண்ணீரும் நீலம். நான் கொண்டுபோன துணி, வீட்டில் கிழித்த பழைய வேட்டி. வருடக்கணக்காகக் கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி! அந்தக் கஞ்சிதான் எல்லாச் சாற்றிலும் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து எந்தச் சோதனையானாலும் முதல் குழாயில் வெறும் தண்ணீரை வைத்து, மற்றவற்றுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்கிறோம். துணியை வெந்நீரில் இரண்டு முறை அலசியபிறகுதான் வடிக்கிறோம்.

அடுத்து, காணாமல் போன ஸ்டார்ச் எங்கே போனது என்ற கேள்வி. காய்க்குள்ளேயே இருக்கும் நொதிகள் அந்த மாலையை அறுத்துச் சிறிய சர்க்கரைகளாக்குகின்றன. அந்தச் சர்க்கரையைக் கண்ணுக்குக் காட்டுவது பெனடிக்ட் கரைசல். ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. வீட்டிலும் மருத்துவமனையிலும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் 8 சொட்டு எடுத்து இந்த நீலக் கரைசலில் காய்ச்சிப் பார்த்த காலம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

கரைசலின் நீலம் தாமிரத்திலிருந்து வருகிறது. துருசு, மயில்துத்தம் என்று எங்கள் ஊரில் சொல்லும் காப்பர் சல்பேட்தான் அது. சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகச் செடிகளுக்கு அடிப்பதால் விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நிறம் பழக்கம். அதோடு சோடியம் கார்பனேட்டும் சோடியம் சிட்ரேட்டும் சேர்கின்றன. கார்பனேட் கரைசலைக் காரமாக வைக்கிறது. காரத்தில் தாமிரம் படிந்துவிடாமல் சிட்ரேட் பிடித்துக்கொள்கிறது. சூடாக்கும்போது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகள் தாமிரத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும். அப்போது நீலத் தாமிரம் செங்கல் நிறமுள்ள குப்ரஸ் ஆக்சைடாக மாறி அடியில் படியும். இப்படி எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடியவற்றுக்கு ஒடுக்கும் சர்க்கரைகள் என்று பெயர். இந்தச் சோதனை காண்பது அவற்றை மட்டும்தான்.

செய்முறை இது. தோலை உரித்து 10 கிராம் சதையை நன்றாக மசித்து, 20 மி.லி. தண்ணீர் விட்டுக் கலக்கி வடியுங்கள். வடித்ததில் 2 மி.லி., பெனடிக்ட் கரைசல் 2 மி.லி. இரண்டையும் ஒரு சோதனைக்குழாயில் விட்டு, கொதிக்கும் தண்ணீருள்ள பாத்திரத்துக்குள் 5 நிமிடம் நிறுத்துங்கள். குழாயை நேராகத் தீயில் காட்டினால் உள்ளே இருப்பது திடீரென்று பொங்கி முகத்தில் அடிக்கும், அதனால்தான் வெந்நீர்ப் பாத்திரம்.

மலைக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது என்று நம் வீடுகளில் சொல்வது இதனால்தான். பெனடிக்டுக்கு 93 டிகிரி போதும், ஆனால் அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தில் குழாயை வைத்தால் இந்தக் குளிரில் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடுகிறது. நிறம் பாதியிலேயே நின்றுபோகும். பச்சையோடு நின்ற குழாயைப் பார்த்து 'சர்க்கரை குறைவு' என்று எழுதிய குறிப்பேடுகளை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை குறைவில்லை, சூடுதான் குறைவு. 5 நிமிடமும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கட்டும்.

பச்சைக் காயின் சாறு நீலமாகவே இருக்கும், அல்லது லேசாகப் பச்சை தட்டும். பாதி பழுத்தது ஆரஞ்சுக்கோ செங்கல் நிறத்துக்கோ போய்விடும். முழுக்கப் பழுத்ததும் செங்கல் நிறம்தான். இங்கே பிள்ளைகள் ஒரு முடிவுக்குத் தாவுவார்கள்: இரண்டும் ஒரே நிறம், ஆகவே இரண்டிலும் ஒரே அளவு சர்க்கரை. ஆனால் நாக்கு அப்படிச் சொல்லவில்லையே. நடந்தது என்னவென்றால், குழாயில் இருந்த தாமிரம் முழுவதும் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் மாற்றிக்காட்டத் தாமிரம் மீதம் இல்லை. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் என்று நிறம் படிப்படியாக ஏறுவது நீர்த்த கரைசல்களில்தான், ஏறக்குறைய 2 சதவீதத்துக்குள்.

அதனால் இரண்டு சாற்றிலும் 1 மி.லி. எடுத்து 9 மி.லி. தண்ணீர் விட்டுப் பத்து மடங்கு நீர்க்க வைத்து மறுபடி செய்கிறோம். இப்போது பாதிப் பழம் கொஞ்சமே பச்சை காட்டும், முழுப் பழம் மஞ்சளை நோக்கிப் போகும். ஏணியின் உச்சிப்படியில் இருவரும் நிற்கும்போது யார் உயரம் என்று தெரியாது, கீழே இறக்கினால்தான் தெரியும். எல்லாக் குழாயிலும் சாறும் கரைசலும் ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே சூடு இருந்தால் மட்டுமே இந்த ஒப்பீடு செல்லும்.

அயோடின் தட்டையும் பெனடிக்ட் குழாய்களையும் நாள் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருநீலம் குறையக் குறையச் செங்கல் நிறம் ஏறும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை அந்த மேசையில் இருக்கும்.

ஆனால் விடையில் ஒரு பகுதி இன்னும் ஒளிந்திருக்கிறது. பழத்தில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் மட்டுமல்ல, சுக்ரோஸும் நிறைய உண்டு. கரும்புச் சர்க்கரை என்பது அதுதான். பழநி பஞ்சாமிர்தத்தில் போடும் கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைத்து பெனடிக்டோடு 5 நிமிடம் வைத்தாலும் நீலம் அசையாது. வாயில் போட்டால் இனிக்கிற பொருள், சர்க்கரைச் சோதனையில் 'இல்லை' என்கிறது! சுக்ரோஸில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் எலக்ட்ரான் கொடுக்கும் முனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். அந்தப் பிடியை விடுவிக்க 2 மி.லி. கற்கண்டுக் கரைசலில் 1 மி.லி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கொதிநீரில் 3 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். பிறகு சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாக, நுரைப்பது நிற்கும்வரை போடுங்கள். அதன்பின் பெனடிக்ட் விட்டுச் சூடாக்கினால் செங்கல் நிறம் வரும். சோடா போட மறந்தால் ஒன்றும் வராது. மிஞ்சிய அமிலம் கரைசலின் காரத்தைக் கொன்றுவிடும், காரமில்லாமல் பெனடிக்ட் வேலை செய்யாது. பஞ்சாமிர்தத்தின் மற்ற இனிப்புகளான தேனும் நாட்டுச் சர்க்கரையும் அமிலம் இல்லாமலேயே நிறம் காட்டும். தேனில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். நாட்டுச் சர்க்கரையில், காய்ச்சும்போதே சுக்ரோஸின் ஒரு பகுதி பிரிந்துவிட்டிருக்கும்.

இனிப் புரதம். இதற்குக் கொடைக்கானல் பட்டர் பீன்ஸை எடுக்கிறேன், காய்ந்த வெள்ளைப் பயறாக. வெள்ளை என்று சொல்லக் காரணம் உண்டு. சிவப்பு ராஜ்மாவை அரைத்தால் தோலின் நிறம் சாற்றில் இறங்கி, நாம் தேடும் ஊதாவை மூடிவிடும். 5 கிராம் பயறை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, 25 மி.லி. தண்ணீர் விட்டு விழுதாக அரைத்து வடித்துக்கொள்ளுங்கள்.

பையூரட் சோதனைக்கு இரண்டு கரைசல்கள். ஒன்று 10 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடு, மற்றது 1 சதவீதக் காப்பர் சல்பேட். 2 மி.லி. சாற்றில் முதலாவதை 2 மி.லி. விட்டுக் கலக்கி, பிறகு காப்பர் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக 3 முதல் 5 சொட்டு வரை. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு குலுக்கு. இரண்டு மூன்று நிமிடத்தில் ஊதா தெரியும். சூடாக்கக் கூடாது. சூடாக்கினால் சர்க்கரையும் தாமிரமும் வினைபுரிந்து பெனடிக்ட் போலச் செம்மை வந்து குழப்பும். சோடியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, ஆகவே கண்ணாடி போட்டுக்கொண்டு பெரியவர் கையாள வேண்டியது. விரலில் பட்டால் சோப்பு போல வழுக்கும், அந்த வழுக்கல் போகும்வரை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. கண்ணிகளை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகளில் உள்ள நைட்ரஜன்கள், காரமான கரைசலில் தாமிரத்தைச் சுற்றிப் பிடிக்கும்போது நீலம் ஊதாவாக மாறுகிறது. குறைந்தது இரண்டு பிணைப்புகளாவது வேண்டும். தனி அமினோ அமிலம் இந்த ஊதாவைத் தராது. பெயரில் வரும் பையூரட் கரைசலில் கிடையாது. யூரியாவைச் சூடாக்கினால் கிடைக்கும் ஒரு பொருளின் பெயர் அது, அதுவும் இதே ஊதாவைத் தருவதால் சோதனைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சொட்டு எண்ணிக்கையில் நான் கறாராக இருப்பேன். பிள்ளைகள் ஆர்வத்தில் காப்பர் சல்பேட்டை 1 மி.லி. ஊற்றிவிடுவார்கள். புரதம் பிடித்தது போக மீதித் தாமிரத்தின் நீலம் ஊதாவை மூழ்கடித்துவிடும், இருக்கும் புரதம் இல்லை என்றாகிவிடும். ஊதாவும் நீலமும் கண்ணுக்கு அடுத்தடுத்த நிறங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மூடுபனி இறங்கிய மாலையில், டியூப் லைட் வெளிச்சத்தில், என் கண்ணே ஏமாந்திருக்கிறது. வெறும் தண்ணீர்க் குழாய், முட்டை வெள்ளைக்கரு கலந்த குழாய், பயறுக் குழாய் மூன்றையும் ஒன்றாகப் பிடித்து, பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, ஜன்னலோரம் பகலில் பாருங்கள். தண்ணீர்க் குழாயில் வெளிர்நீலம் மட்டும், சில சமயம் பஞ்சு போன்ற நீலப் படிவோடு. வெள்ளைக்கருவில் சந்தேகமில்லாத ஊதா. பயறு அதற்குப் பக்கத்தில் நிற்கும். அதே பயறுச் சாற்றில் அயோடின் விட்டால் கருநீலமும் வரும், ஒரே விதையில் இரண்டும் இருப்பதால்.

வாழைப்பழச் சாற்றுக்கு இதையே செய்தால் ஊதா வராது. சர்க்கரை தாமிரத்தைப் படியவிடாமல் கரைசலில் பிடித்துக்கொள்வதால் தெளிந்த கரும்நீலம் வரலாம், அதைப் பார்த்து 'ஊதா' என்று அடம்பிடிப்பவர்கள் வகுப்புக்கு இருவராவது உண்டு. தேன் கலந்த தண்ணீரில் இதே கரும்நீலத்தை உண்டாக்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் வாழைப்பழத்தில் புரதமே இல்லையா? உண்டு, நூற்றில் ஒரு பங்கு போல. நாம் அதை மூன்று மடங்கு நீர்க்க வைத்தோம், அதிலும் ஒரு பகுதி துணியில் சக்கையோடு நின்றுவிட்டது. மிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஊதா தராது. அதனால் குறிப்பேட்டில் 'புரதம் இல்லை' என்று எழுதினால் அடித்துவிட்டு, '10 கிராமுக்கு 20 மி.லி. தண்ணீர் விட்டு வடித்த சாற்றில் ஊதா வரவில்லை' என்று எழுதச் சொல்கிறேன். நீளமாக இருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

சோதித்த துண்டுகளை யாரும் தின்னக் கூடாது, மீதித் தாரைத் தின்னலாம். தாமிரம் கலந்த குழாய்களை அலசிய முதல் தண்ணீரை நாங்கள் ஓடைக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றுவதில்லை. தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, மேலே பெயர் எழுதி, ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம்.